வேறு ஊருக்கு வீடு மாற்றும்போது செலவுக் கணக்கில் விழும் ஓட்டைகள்

பேக்கர்ஸ் ஒரு தொகை சொன்னதும் வீடு மாற்றும் செலவு தெரிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அந்தத் தொகை, நீங்கள் போனில் சொன்ன சாமான்களுக்கு மட்டுமே போட்டது. சொல்லாமல் விட்டது அதில் இல்லை.

முதல் தவறு அங்கேதான். கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், சோபா எல்லாம் சட்டென்று ஞாபகத்துக்கு வந்துவிடும். பரண் மேல் இருப்பது, பால்கனியில் இருப்பது, சமையலறை அலமாரிக்குள் இருப்பது வராது. ஆனால் லாரியை நிரப்புவது பெரும்பாலும் அவைதான்.

ஒரு கணக்கு பார்ப்போம். உள்ளளவு 14 அடி நீளம், 6 அடி அகலம், 6 அடி உயரம் என்றால் அந்த லாரியின் கொள்ளளவு 504 கன அடி. சாமான்களுக்கு இடையே காலியிடம் விழும் என்பதால் அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது சுமார் 400 கன அடிதான் உண்மையில் பயன்படும். போனில் சொன்ன பட்டியல் 370 கன அடி வந்தால், இந்த லாரி போதும் என்று சொல்லிவிடுவார்கள். நடுத்தர அட்டைப்பெட்டி ஒன்று சுமார் 3 கன அடி. விட்டுப்போன பாத்திரம், துணி, பரண் சாமான் எல்லாம் 30 பெட்டி ஆனால் இன்னும் 90 கன அடி. மொத்தம் 460. ஏற்றுகிற நாளில், பாதி வீடு காலியான பிறகு, "சார், இடம் பத்தாது" என்பார்கள். அந்த நேரத்தில் பேரம் பேச உங்களிடம் எதுவும் மிஞ்சியிருக்காது.

அதனால் ஆள் நேரில் வந்து பார்த்தோ, வீடியோ அழைப்பில் ஒவ்வொரு அலமாரியையும் திறந்து காட்டியோ கொட்டேஷன் வாங்குங்கள். சாமான் பட்டியல் அதிலேயே இணைந்திருக்க வேண்டும். மாடிப்படி ஏற்றும் கூலி, லாரி வாசல் வரை வர முடியாவிட்டால் தூக்கிச் செல்லும் கூலி, கட்டிலைப் பிரித்துப் பூட்டும் வேலை ஆகியவை தொகைக்குள் அடங்கியவையா என்றும் எழுதி வாங்குங்கள். பிறர் சாமானோடு சேர்த்து ஏற்றும் லோடு மலிவுதான், ஆனால் வந்து சேரும் தேதி பெரும்பாலும் உறுதியாக இருக்காது. அந்த நாட்களில் தங்கவும் சாப்பிடவும் ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்தால், தனி லாரியே மலிவாக வந்தாலும் வரும்.

அடுத்தது அட்வான்ஸ். இதில் நடக்கும் தவறு, செலவாகும் பணத்தையும் முடங்கும் பணத்தையும் ஒன்றாகக் கலப்பது. இரண்டு வீட்டிலும் வாடகை ஒன்றுதான், அட்வான்ஸும் இரண்டு மாத வாடகைதான் என்று வைத்துக்கொள்வோம். பழைய வீட்டுக்கு மாதக் கடைசி வரை வாடகை உண்டு. புது வீட்டுக்காரர் 10ஆம் தேதியிலிருந்து வாடகை கேட்கிறார். அப்படியானால் சுமார் 20 நாளுக்கு இரட்டை வாடகை, அதாவது மாத வாடகையில் மூன்றில் இரண்டு பங்கு. இது போன பணம். பெயின்ட் அடிக்கவும் பழுது பார்க்கவும் பழைய அட்வான்ஸில் கால் மாத வாடகை பிடித்தால் அதுவும் போனதுதான். ஆக, உண்மையான செலவு ஒரு மாத வாடகையை விடக் கொஞ்சம் குறைவு.

ஆனால் அந்த மாதம் கையில் வேண்டிய பணம் வேறு. பழைய வாடகை ஒன்று, புது அட்வான்ஸ் இரண்டு, புது வீட்டின் முதல் வாடகை மூன்றில் இரண்டு பங்கு என்று நாலு மாத வாடகையை நெருங்கிவிடும். பழைய அட்வான்ஸ் காலி செய்த பிறகுதான் வரும், அதுவும் சில வாரம் கழித்து. மொத்தச் செலவைச் சரியாகப் போட்டவர்கள்கூடக் கடன் வாங்குவது இந்த இடைவெளியில்தான். கடைசி மாத வாடகையை அட்வான்ஸிலேயே கழித்துக்கொள்ள முடியுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சம்மதித்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், கேட்காமல் வாடகையை நிறுத்த வேண்டாம்.

மின்சாரம், இணையம் போன்ற இணைப்புகளைத் துண்டிக்கும் செலவை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. துண்டிப்புக் கட்டணம் பெரும்பாலும் சின்னதுதான். இணையத்தில் மட்டும் கவனம் வேண்டும். குறைந்தபட்ச ஒப்பந்தக் காலம் முடியாமல் விலகினால் மீதி மாதங்களுக்கும் கட்டணம் கேட்கலாம். ரவுட்டரைத் திருப்பித் தராவிட்டால் அதற்கும் பில் வரும். முன்னறிவிப்பு நாட்களை எங்கிருந்து எண்ணுவார்கள் என்பதையும் கேளுங்கள். பல நிறுவனங்களில் அது நீங்கள் சொன்ன தேதியிலிருந்துதான், காலி செய்த தேதியிலிருந்து அல்ல. புது ஊரிலும் அதே நிறுவனம் இருந்தால் இணைப்பை மாற்றித் தரச் சொல்வதே பல நேரம் லாபம்.

மின் மீட்டர், தண்ணீர் மீட்டர் இரண்டையும் சாவி கொடுக்கும் நாளில் எண் தெரியப் படம் எடுத்து, அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். கடைசி பில் நீங்கள் கிளம்பிப் போன பிறகுதான் வரும். அடுத்துக் குடிவந்தவர் எரித்த மின்சாரம் உங்கள் அட்வான்ஸில் கழியாமல் இருக்க அந்தப் படம்தான் சாட்சி.