திரும்பி வந்த ஓலைப்பெட்டி சொல்லும் காரணம்

மார்த்தாண்டத்திலிருந்து பனையோலைப் பெட்டிகளை இணையத்தில் விற்பவர்கள், பெட்டி திரும்பி வரும்போது வாங்கியவர் பட்டியலில் தேர்ந்தெடுத்த காரணத்தோடு நின்றுவிடாமல், அவர் தம் சொற்களில் எழுதிய வரியைத் தாளில் எடுத்தெழுதி, அவருக்குத் தவறான எதிர்பார்ப்பை உண்டாக்கிய, விற்பனைப் பக்கத்தின் விவரணைச் சொல்லையோ படத்தையோ அதன் எதிரே குறிக்க வேண்டும். "நசுங்கியிருந்தது" என்பது பொதியும் முறையின் குறை, அதை இந்தக் கணக்கிலிருந்து ஒதுக்கிவிடலாம்.

எடுத்துக்காட்டாக, 20 வரிகளில் 9 வரிகள் "நினைத்ததைவிடச் சிறியது" என்கின்றன எனக் கொள்வோம். 12 செ.மீ. என்ற அளவு விவரணையில் இருந்தும் இப்படி வருகிறதென்றால், பெட்டியை மட்டும் அருகில் நின்று எடுத்த முதல் படத்தையே நான் முதலில் சந்தேகிப்பேன். சொற்களைத் தொடாமல், அந்த முதல் படத்துக்குப் பதிலாகப் பெட்டியை உள்ளங்கையில் வைத்தெடுத்த படத்தை மட்டும் இட்டு, மாற்றத்துக்கு முன் எடுத்துக்கொண்ட அதே எண்ணிக்கையிலான ஆர்டர்களுக்குத் திருப்பியனுப்பும் கெடு முடிந்த பிறகே ஒப்பிட வேண்டும். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்பது தெரியாமலே போய்விடும்.