காதில் விழுந்த மலையாள வசவை விசாரிக்கும்போது செய்யக்கூடாதவை

கம்பம், கூடலூர் பக்கத்திலிருந்து குமுளி தாண்டி ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய்வருகிறவர்கள் மலையாளத்தைக் காதால்தான் பிடிக்கிறார்கள். அப்படிப் பிடிக்கும்போது நல்ல பேச்சோடு வசவும் சேர்ந்தே வந்துவிடும். அங்கே அதற்குப் பெயர் தெறி. இது தெறியா இல்லையா என்று தெரியாத ஒரு வார்த்தையை யாரிடமாவது கேட்டுத்தான் ஆகவேண்டும், ஆனால் கேட்கிற விதத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

எடுத்த எடுப்பில் வார்த்தையைச் சொல்லிவிடுவதுதான் பெரிய தவறு. தெண்டி என்ற வார்த்தையை எடுத்துக்கொள்வோம். காய் எடை போடும் இடத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது, நேரே சூப்பர்வைசரிடம் போய் "தெண்டி, அப்படின்னா என்ன சேட்டா?" என்று கேட்டால், அவர் காதில் முதலில் விழுவது கேள்வி இல்லை, வசவு. பக்கத்தில் நிற்பவருக்கு அந்த முதல் சொல் மட்டும்தான் கேட்டிருக்கும். அதனால் வரிசையை மாற்றுங்கள், முன்னுரை முதலில், வார்த்தை கடைசியில், அதுவும் தணிந்த குரலில்: "சேட்டா, ஒரு வாக்கு கேட்டு. சீத்த வாக்காணோ என்னறியில்ல. சோதிக்கட்டே?" ஒரு வார்த்தை கேட்டேன், கெட்ட வார்த்தையா தெரியவில்லை, கேட்கட்டுமா என்று அர்த்தம். அவர் "சோதிக்கூ" என்று சொன்ன பிறகு சொல்லுங்கள். வாயால் சொல்லவே கூச்சமாக இருந்தால் போனில் டைப் செய்து காட்டலாம், ஆனால் தமிழ் எழுத்தில் க, ட, ப எல்லாம் இரண்டு விதமாக ஒலிக்கும் என்பதால் அவர் வேறு வார்த்தையாகப் படித்துவிடலாம், அதையும் மனதில் வையுங்கள்.

அடுத்த தவறு, அர்த்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுவது. தெண்டிக்கு அர்த்தம் பிச்சையெடுத்துத் திரிகிறவன், அவ்வளவுதான். இது தெரிந்து என்ன பயன்? நண்பர்களுக்குள் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொள்வார்கள், அதையே முன்பின் தெரியாதவரிடம் சொன்னால் சண்டை. உங்களுக்குத் தெரியவேண்டியது அதன் சூடு. ஆகவே நீங்கள் பார்த்ததைச் சொல்லிக் கேளுங்கள்: யார் யாரிடம் சொன்னார், சிரித்துக்கொண்டா, கோபமாகவா, கேட்டவர் என்ன செய்தார். "ரெண்டு பேரும் கூட்டுக்காரங்க, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. இதை வயசுல மூத்தவங்ககிட்ட சொல்வாங்களா? வீட்டுல, அம்மா முன்னாடி சொல்வாங்களா?" இந்த இரண்டு கேள்விக்குப் பதில் வந்தால் வார்த்தையின் இடம் விளங்கிவிடும். எல்லையில் பலருக்கும் தமிழ் தெரியும் என்பதால் சட்டென்று ஒரு தமிழ் வார்த்தையைச் சமமாகச் சொல்லிவிடுவார்கள், ஆனால் சூடு இரண்டிலும் ஒன்றாக இருக்கும் என்று சொல்லமுடியாது, அதனால் அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

தமிழில் இருக்கிற சொல்தானே என்று கேட்காமலே விட்டுவிடுவதும் உண்டு. ஆண்டிபட்டிக்காரருக்குப் பட்டி என்றால் ஊர், மலையாளத்தில் அது நாய். நாயைப் பார்த்துச் சொன்னால் சாதாரணப் பேச்சு, ஆளைப் பார்த்துச் சொன்னால் வசவு. ஒரே சொல் இரண்டுமாக இருக்கிறபோது யாரை நோக்கிச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், "அது நாய்தான், ஒண்ணுமில்ல" என்ற பதில்தான் கிடைக்கும்.

யாரிடம் கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். சொன்னவரிடமே போய்க் கேட்டால் குற்றம் சாட்டுவது போல ஆகிவிடும். கும்பலில் கேட்டால் யாராவது ஒருவர் விளையாட்டுக்கு அர்த்தத்தை மாற்றிச் சொல்வார், நீங்கள் அதை நம்பி மேஸ்திரியிடம் சொல்லிவைப்பீர்கள். ஆணென்றால் ஓரளவு உங்கள் வயதுள்ள ஆணிடம், பெண்ணென்றால் பழகிய ஒரு சேச்சியிடம், டீ நேரத்தில் தனியாகக் கேளுங்கள். அவர் "அது விடு" என்று முகத்தைத் திருப்பினால் அதற்குமேல் நோண்டவேண்டாம், அந்தத் தயக்கமே அது கடுமையான வார்த்தை என்று சொல்லிவிட்டது.

சில வசவுகள் சாதிப் பெயராகவே இருக்கும், வெளியிலிருந்து வந்தவருக்கு அது தெரியாது. நீங்கள் கேட்கிற ஆளே அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவராக இருக்கலாம், அர்த்தம் கேட்கிறோம் என்ற பெயரில் அவரைக் காயப்படுத்திவிடுவீர்கள். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. ஒரு ஆளின் குடும்பத்தையோ பிறப்பையோ சேர்த்து வந்த வசவு என்று பட்டால், வார்த்தையை உச்சரிக்காமல் முதலில் "இது ஏதாவது சாதியைக் குறிக்கிற பேச்சா இருக்குமோன்னு பயமா இருக்கு, எழுதிக் காட்டவா?" என்று கேட்டுக்கொண்டு அப்புறம் காட்டுங்கள்.