மினிபார் விலைப்பட்டியலைத் தமிழில் எழுதுவது எப்படி?

ஹோட்டல் அறையின் குட்டி ஃபிரிட்ஜ் மேல் ஓர் அட்டை இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது, என்ன விலை, எதைத் தொட்டால் பில்லில் ஏறும் என்று சொல்லும் அட்டை. ஆங்கிலத்தில் உள்ளதை வரிக்கு வரி தமிழாக்கினால், செக்-அவுட் கவுன்டரில் வாக்குவாதம் நிச்சயம். மதுரையில் ஒரு நடுத்தர ஹோட்டலின் அட்டை கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குவோம்.

படி 1: முதலில் கேள்விகள்

மொழிபெயர்ப்பதற்கு முன் ஹோட்டலிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். எது இலவசம், எத்தனை? விலையில் வரி சேர்ந்திருக்கிறதா? கணக்கு எப்போது ஏறுகிறது: பொருளை எடுத்ததுமா, ஊழியர் வந்து எண்ணிப் பார்த்த பிறகா? முடிந்தால் பொருள்களின் போட்டோவும் கேளுங்கள். ‘கலவைப் பருப்புகள்’ என்று அட்டையில் இருப்பது உண்மையில் 50 கிராம் உப்பு முந்திரியாக இருக்கும். அப்படியானால் ‘உப்பு முந்திரி, 50 கிராம்’ என்றே எழுதுங்கள். வெறும் ‘பருப்பு’ என்றால் நம் ஆட்களுக்குச் சாம்பார்தான் நினைவுக்கு வரும்.

படி 2: இலவசமும் கட்டணமும்

தண்ணீர் பாட்டில்தான் அதிகம் குழப்பும். இரண்டு பாட்டில் இலவசம், அதற்கு மேல் காசு என்பதே வழக்கமான ஏற்பாடு. ‘குடிநீர் இலவசம்’ என்று மட்டும் போட்டால் மூன்றாவது பாட்டிலுக்குச் சண்டை வரும். இப்படி எழுதலாம்:

குடிநீர் (500 மி.லி.): ஓர் அறைக்கு ஒரு நாளைக்கு 2 பாட்டில் இலவசம். கூடுதல் பாட்டில் ஒன்றுக்கு ரூ. 60.

‘ஓர் அறைக்கு’ என்பதை விட்டுவிடாதீர்கள். நான்கு பேர் தங்கினால் எட்டு பாட்டில் என்று கணக்குப் போடுவார்கள், அதில் தப்பும் இல்லை.

பாட்டிலில் 20 ரூபாய் என்று அச்சிட்டிருக்க, அட்டையில் 60 ஏன் என்ற கேள்வியும் வரும். ஹோட்டலில் பரிமாறும்போது அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சட்டம் இடம் கொடுத்தாலும் விருந்தினருக்கு முன்னாலேயே தெரிய வேண்டும் அல்லவா? ‘இவை ஹோட்டல் விலைகள், பாக்கெட்டில் அச்சிட்ட விலையைவிட அதிகம்’ என்ற வரியை மேலேயே வையுங்கள். ‘மாறுபடலாம்’ என்று மழுப்ப வேண்டாம்.

படி 3: வரி

‘வரிகள் தனி’ என்ற வரி ஆங்கில அட்டையில் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும். உப்பு முந்திரி ரூ. 250, வரி 18 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் பில்லில் வருவது ரூ. 295. அந்த 295-ஐயே அட்டையில் போட்டு ‘வரி உட்பட’ என்று எழுதச் சொல்லிப் பாருங்கள். ஹோட்டல் ஒத்துக்கொள்ளாவிட்டால், ஒவ்வொரு விலைக்குப் பக்கத்திலும் ‘+ வரி’ போடுங்கள். சதவீதத்தைக் கணக்குப் பிரிவிடம் கேட்டு வாங்குங்கள், நீங்களாக ஊகிக்காதீர்கள்.

படி 4: எப்போது கணக்கு ஏறும்?

சில ஹோட்டல்களில் தட்டுக்கு அடியில் சென்சார் இருக்கும். பொருளை எடுத்துச் சில நொடிகளில் திருப்பி வைக்காவிட்டால் தானாகவே கணக்கில் ஏறிவிடும். அங்கே ‘பயன்படுத்தினால் கட்டணம்’ என்று எழுதுவது தவறான தகவல். இது போதும்:

கவனம்: பொருளை எடுத்தாலே உங்கள் அறைக் கணக்கில் சேரும். உங்கள் மருந்து, உணவை இந்த ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். தனி ஃபிரிட்ஜ் வேண்டுமானால் வரவேற்பு மேசையை அழையுங்கள்.

தனி ஃபிரிட்ஜ் தருவார்களா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். சென்சார் இல்லாத இடத்தில் ‘பாக்கெட்டைப் பிரித்தால் அல்லது சீல் உடைந்திருந்தால் கட்டணம் உண்டு’ என்பதே சரி.

படி 5: எச்சரிக்கைகள்

ஒவ்வாமை எச்சரிக்கையில் பொதுப்பெயர் உதவாது. ‘நிலக்கடலை, முந்திரி, பால் உள்ளது’ என்று பெயர் சொல்லுங்கள். பாக்கெட்டில் ‘இருக்கலாம்’ என்றிருந்தால் ‘இருக்கலாம்’ என்றே இருக்கட்டும். அதை ‘உள்ளது’ என்றோ ‘இல்லை’ என்றோ மாற்ற உங்களுக்கு உரிமை இல்லை. எனர்ஜி டிரிங்க் இருந்தால், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஏற்றதல்ல என்று கேனில் உள்ள எச்சரிக்கையை அந்தப் பொருளுக்கு நேர் கீழேயே கொண்டுவாருங்கள்.

படி 6: சோதனை

ஹோட்டலோடு தொடர்பில்லாத ஒருவரிடம் அட்டையைக் கொடுத்து, ‘மூன்று தண்ணீர், ஒரு முந்திரி எடுத்தால் பில் எவ்வளவு?’ என்று கேளுங்கள். தண்ணீர் விலையும் வரி உட்பட என்றால் பதில் ரூ. 355. வேறு எண் வந்தால் அவர் தடுமாறிய வரியைத் திருத்துங்கள். அச்சுக்குப் போகும் முன் பி.டி.எஃப். கோப்பில் ‘கொ’, ‘பை’ போன்ற எழுத்துகளைப் பாருங்கள். கொம்பு தனியாகப் பிரிந்து நின்றால் வடிவமைப்பு மென்பொருள் தமிழைச் சரியாகக் கோக்கவில்லை. இன்டிசைனில் Adobe World-Ready Paragraph Composer என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடும்.