ஸ்டிக், கப், கிராம்: வெண்ணெய் அளவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேக்கிங் கற்றுக்கொள்ள வருபவர்களின் நோட்டைப் புரட்டும்போதெல்லாம், அமெரிக்கக் குறிப்புகளிலிருந்து எடுத்தெழுதிய வெண்ணெய் அளவுகளில் அதே தவறுகள் கண்ணில் படுகின்றன. நான் கற்றுக்கொண்ட காலத்தில் செய்தவைதான் பெரும்பாலும். தராசைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர மறப்பது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஒருமுறை பட்டால் தெரிந்துவிடும். தாளில் சரியாகத் தெரிந்து, ஓவனுக்குள் போன பிறகு ஏமாற்றுகிறவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

100 கிராம் பாக்கெட்டை ஒரு ஸ்டிக் என்று எடுப்பது

பணத்தையும் நேரத்தையும் அதிகம் தின்பது இதுதான். இன்றுவரை இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது, ஏனென்றால் தராசு பக்கத்திலேயே இருக்கும், எடுக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் வெண்ணெய் பெரும்பாலும் ஒரு பவுண்டு பெட்டியில், நான்கு துண்டுகளாக, ஒவ்வொன்றும் தனித்தனித் தாளில் சுற்றி விற்கப்படுகிறது. அந்தத் துண்டுதான் ஸ்டிக். பவுண்டு 454 கிராம் என்பதால் ஸ்டிக் 113 கிராம். சுற்றிய தாளிலேயே எட்டு டேபிள்ஸ்பூனுக்கும் கோடு போட்டிருப்பார்கள். தேவையான கோட்டில் கத்தியை வைத்து வெட்டிக்கொள்வது அவர்கள் வழக்கம். குறிப்பில் எடை எழுதாமல் விடுவதற்கும் அதுதான் காரணம். இரண்டு ஸ்டிக் சேர்ந்தால் ஒரு கப், அதாவது 227 கிராம். நாட்டின் கிழக்கே ஸ்டிக் மெலிந்து நீளமாகவும் மேற்கே குட்டையாகப் பருத்தும் இருக்கும். எடை இரண்டிலும் ஒன்றே.

நம் கடையில் கிடைக்கும் சின்ன பாக்கெட் 100 கிராம். அதுவும் நீள்சதுரம், அதுவும் தாளில் சுற்றியது. வீடியோவில் ஒருவர் ஸ்டிக்கைப் பிரித்துக் கிண்ணத்தில் போடுவதைப் பார்த்துவிட்டு இங்கே பாக்கெட்டைப் பிரித்துப் போடுகிறோம்.

ஒரு மாலை, ஆர்டருக்குக் குக்கீ செய்துகொண்டிருந்த ஒரு பெண் தவிப்போடு அழைத்தாள்.

"அக்கா, உருட்டி வெச்சது உருண்டையாவே நிக்குது. பரவவே இல்ல. ஓவன் சூடு பத்தலையா?"

"வெண்ணெய் எத்தனை கிராம் போட்டம்மா?"

"ரெண்டு ஸ்டிக் போட்டிருந்துச்சு. ரெண்டு பாக்கெட் போட்டேன்."

குறிப்பில் இருந்தது இரண்டேகால் கப் மைதா, சுமார் 270 கிராம். அதற்கு வேண்டிய வெண்ணெய் 227. அவள் போட்டது 200. குறைந்தது 27 கிராம்தான் என்று தோன்றும், ஆனால் அது வேண்டியதில் எட்டில் ஒரு பங்கு. சூட்டில் வெண்ணெய் உருகுவதால்தான் குக்கீ பரவுகிறது. அது குறைந்தால் ஓரம் பரவுவதற்குள் நடுப்பகுதி இறுகிவிடும்.

அதற்கு மேல் அவள் செய்ததுதான் முழுவதையும் கெடுத்தது. மாவு ஒட்டாமல் உதிர்கிறதே என்று இரண்டு கரண்டி பால் ஊற்றிப் பிசைந்திருக்கிறாள். குறைந்தது கொழுப்பு, சேர்த்தது தண்ணீர். தண்ணீர் பட்ட மைதாவைப் பிசையப் பிசைய இழுவை கூடும். குக்கீ பரவாமல் பன் மாதிரி மேலே எழும்பி, ஆறியதும் கடினமாகிவிட்டது. சாக்லேட் சிப்ஸ், முட்டை, நாட்டுச் சர்க்கரை எல்லாம் போட்ட பிறகு அந்த மாவைத் திருத்த வழியில்லை.

அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். பிசைந்த மாவைக் கையில் உருட்டும்போது ஓரம் வெடித்தால், பால் பாட்டிலை எடுக்காமல் முதலில் வெண்ணெய்க் கணக்கைப் பாருங்கள். சேர்த்துப் பிசையத் தொடங்கிய அந்த நேரத்திலேயே கண்டுபிடித்தால், விட்டுப்போன 27 கிராமை மிருதுவாக்கிச் சேர்த்துக் காப்பாற்றிவிடலாம். இரண்டு ஸ்டிக் என்றால் இரண்டு பாக்கெட்டும், மூன்றாவதிலிருந்து 27 கிராமும் என்று குறிப்பின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள். பவுண்டு கேக் மாதிரி நான்கு ஸ்டிக் கேட்கும் குறிப்பில் நான்கு பாக்கெட் போட்டால் குறைவது 54 கிராம்.

அந்தப் பாக்கெட்டில் இருக்கும் உப்பு

மேலே சொன்ன தவறோடு ஒட்டிக்கொண்டே வருவது இது. அமெரிக்க பேக்கிங் குறிப்புகள் பெரும்பாலும் உப்பில்லாத வெண்ணெயை வைத்து எழுதப்பட்டு, உப்பைத் தனியே ஒரு டீஸ்பூன் என்று கேட்கும். நம் 100 கிராம் பாக்கெட் பெரும்பாலும் ரொட்டியில் தடவும் உப்பு வெண்ணெய், அதில் ஏறத்தாழ 2 கிராம் உப்பு. 227 கிராம் எடுத்தால் முக்கால் டீஸ்பூன் அளவு உப்பு வெண்ணெயோடே வந்துவிடும். அதற்குமேல் ஒரு டீஸ்பூன் போட்டால் குக்கீயை வாயில் வைக்க முடியாது. வேறு வழியில்லாமல் உப்பு வெண்ணெய்தான் என்றால் தனி உப்பைக் கால் டீஸ்பூனாகக் குறையுங்கள். பட்டர்கிரீமுக்கு அந்தச் சமாதானமும் வேண்டாம், உப்பில்லாததே வாங்குங்கள்.

மில்லியை அப்படியே கிராமாக்குவது

ஒரு டேபிள்ஸ்பூன் 15 மில்லி, ஆகவே 15 கிராம். ஒரு கப் 240 மில்லி, ஆகவே 240 கிராம். இப்படித்தான் பல நோட்டுகளில் இருக்கிறது. தண்ணீருக்கு அது சரி. வெண்ணெய் தண்ணீரைவிட லேசானது, ஒரு டேபிள்ஸ்பூன் 14 கிராம்தான். ஒரு ஸ்பூனில் இந்த வித்தியாசம் தெரியாது. பன்னிரண்டு ஸ்பூன் கேட்கும் குறிப்பில் 170க்குப் பதில் 180 விழும், குக்கீ தட்டையாகி ஓரம் எண்ணெய் கசியும்.

நான் பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருப்பது இவ்வளவுதான்: கால் கப் 57, மூன்றில் ஒரு பங்கு 76, அரைக் கப் அல்லது ஒரு ஸ்டிக் 113, முக்கால் கப் அல்லது ஒன்றரை ஸ்டிக் 170, ஒரு கப் 227. "ஒரு ஸ்டிக்கும் இரண்டு டேபிள்ஸ்பூனும்" என்று வந்தால் மொத்தம் பத்து ஸ்பூன், 142 கிராம். ஒரு கிராம் இப்படி அப்படி ஆனால் ஒன்றும் ஆகாது.

கப்பில் அமுக்கி அளப்பது

வேண்டாம். அடியில் காற்று நிற்கும், பாதி வெண்ணெய் கப்பிலேயே ஒட்டிக்கொள்ளும்.

எந்த நாட்டுக் குறிப்பு என்று பாராமல் மாற்றுவது

ஸ்டிக் என்று இருந்தால் அமெரிக்கக் குறிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். கப் மட்டும் இருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஆஸ்திரேலியக் கப் 250 மில்லி, அவர்களின் டேபிள்ஸ்பூன் 20 மில்லி. அங்கே எழுதிய "நான்கு டேபிள்ஸ்பூன் வெண்ணெய்" 57 கிராம் அல்ல, 75ஐத் தாண்டும்.

உருக்கிய வெண்ணெய்

உருகினால் எடை மாறாது. நுரைத்துப் பழுப்பாகும்வரை காய்ச்சினால் தண்ணீர் ஆவியாகி எடை குறையும். அளப்பது எப்போதும் காய்ச்சுவதற்கு முன்.

அதே எடைக்கு நெய்

வெண்ணெயில் கொழுப்பு சுமார் 80 சதவீதம், மீதியில் பெரும்பங்கு தண்ணீர். நெய்யில் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை. 227 கிராம் வெண்ணெய்க்கு 227 கிராம் நெய் ஊற்றினால் கேக் பிசுபிசுத்துக் கனத்துவிடும். கொழுப்புக்கு 182 கிராம் நெய் போதும். விட்டுப்போகும் தண்ணீருக்கு இரண்டு, மூன்று டேபிள்ஸ்பூன் பால் சேர்க்கலாம். இதுவும் வெண்ணெயை உருக்கி மாவில் ஊற்றிக் கலக்கும் கேக்குகளுக்குத்தான். வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்துத் தொடங்கும் குறிப்பில் நெய்யை நுழைக்காதீர்கள், வெண்ணெய் அளவுக்கு அது காற்றைப் பிடித்து வைக்காது.

வீட்டில் கடைந்த வெண்ணெயில் சிக்கல் நேரெதிர். மோர் சரியாகப் பிழியப்படாவிட்டால் தராசு 113 என்று காட்டினாலும் அதில் தண்ணீர் கூடுதலாக இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் மாற்றி மாற்றி அலசி, தண்ணீர் கலங்காமல் தெளிவாக நிற்கும்வரை பிசைந்து, நன்றாகப் பிழிந்து, அதன் பிறகு நிறுங்கள்.