போகாத ஊரை மைக்கில் சொல்லாதீர்கள்

பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு எழுதப் புதிதாக வருகிறவர்கள் காட்டும் தாள்களைப் பார்த்தால், நான் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகள் வரிசையாக நிற்கின்றன. எழுத்துப் பிழையை யாராவது திருத்திவிடுவார்கள், அதை விடுங்கள்.

'போகாது' என்று முடிப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு இரண்டு வழி: மரக்காணம், மாமல்லபுரம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலை ஒன்று, திண்டிவனம் வழி இன்னொன்று. ஆட்கள் மாறி ஏறிவிடக் கூடாது என்று அக்கறையோடு இப்படி எழுதினேன்: "மரக்காணம், மாமல்லபுரம் வழியாகச் சென்னை செல்லும் இந்தப் பேருந்து திண்டிவனம் போகாது."

தாளில் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் தமிழில் போகும், போகாது இரண்டும் வாக்கியத்தின் கடைசியில்தான் பிரிகின்றன, அந்தக் கடைசி அசையில் ஒரு ஹாரன் அடித்தால் காதில் நிற்பது 'திண்டிவனம்' மட்டும். ஒரு அம்மா அதைக் கேட்டு ஏறி, காலாப்பட்டு தாண்டிய பிறகு கண்டக்டரிடம் கேட்டிருக்கிறார். மரக்காணத்தில் இறங்கி, அங்கிருந்து வேறு பஸ் பிடித்துத் திண்டிவனம் போய்ச் சேர்ந்தார். அவர் சொன்னது ஒன்றுதான்: "திண்டிவனம்னு மைக்ல சொன்னாங்களே தம்பி."

அதனால் பஸ் போகாத ஊரின் பெயரே அந்த அறிவிப்பில் வரக் கூடாது. திண்டிவனம் பஸ்ஸுக்குத் தனி அறிவிப்பு கொடுங்கள். இப்போது நான் எழுதுவது இப்படி, ஒரு வரிக்கு ஒரு மூச்சு:

பயணிகள் கவனத்திற்கு. (2 நொடி)
சென்னை பஸ். சென்னை பஸ். (1 நொடி)
மரக்காணம், மாமல்லபுரம் வழி. (1 நொடி)
நடைமேடை மூன்று. (2 நொடி)
சென்னை. மரக்காணம் வழி. நடைமேடை மூன்று. (3 நொடி)
சென்னை பஸ். வயா மரக்காணம், மகாபலிபுரம். (1 நொடி)
பிளாட்பாரம் த்ரீ. பிளாட்பாரம் த்ரீ.

முதல் வரியில் தகவல் எதுவும் இல்லை, பேசிக்கொண்டிருப்பவர்கள் தலை தூக்கத்தான் அது. ஊர்ப் பெயரை அங்கேயே வைத்தால் பாதிப் பேருக்குப் போய்ச் சேராது. அப்புறம், வழி ஊரை முதலில் சொல்லாதீர்கள், முதலில் காதில் விழும் ஊரைத்தான் மக்கள் போய்ச் சேரும் ஊராக எடுத்துக்கொள்கிறார்கள்.

காற்புள்ளியை நம்புவது

மைக் பிடிப்பவர் அதை மதிக்க மாட்டார். எத்தனை நொடி நிறுத்த வேண்டும் என்று எண்ணாக எழுதுங்கள்.

தமிழையும் ஆங்கிலத்தையும் வரிக்கு வரி மாற்றுவது

தமிழை முழுக்க முடித்து, மூன்று நொடி விட்டு ஆங்கிலம். நடுவில் மொழி மாறினால் இரண்டு பக்கமும் நடைமேடை எண்ணைத் தவறவிடுவார்கள்.

ஆங்கிலத்தில் நேரம்

ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் கூம்பு ஸ்பீக்கரில் ஒன்றுதான். ஏழே கால் பஸ் என்றால் "செவன் ஃபிஃப்டீன். செவன், ஒன் ஃபைவ்" என்று இரண்டு விதமாகவும் எழுதுங்கள். எழுதி முடித்ததும் அலுவலக அறையில் வாசித்துப் பார்க்காதீர்கள். மாலை ஆறு மணிக்கு இன்ஜின்கள் ஓடும்போது கடைசி நடைமேடையில் தெரிந்தவர் ஒருவரை நிறுத்தி, எந்த ஊர், எந்த நடைமேடை என்று மட்டும் அவரைக் கேளுங்கள்.