‘தெரிவித்துக்கொள்வது யாதெனில்’ இல்லாமல் ஒரு அலுவலகக் கடிதம்

வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. எல்லாமே இப்படித்தான் தொடங்கும்: “மேற்காணும் பொருள் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்திற்குத் தெரிவித்துக்கொள்வது யாதெனில்…” பொருள், பார்வை என்ற இரண்டு வரிகள் ஏற்கெனவே சொன்னதையே இது திரும்பச் சொல்கிறது. சரக்கு தாமதமாகும் என்ற செய்தி மூன்றாவது வரிக்குப் போய்விடும். வாடிக்கையாளர்கள் அதைக் கவனிக்காமல், “எப்போது வரும்?” என்று மறுபடி எழுதுவார்கள்.

முதலில் அந்தத் தொடரை அப்படியே வெட்டினேன். “உங்கள் ஆர்டர் பத்து நாள் தாமதமாகும்” என்று கடிதம் தொடங்கியது. செய்தி தெளிவுதான், ஆனால் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. மேலாளர் திருப்பி அனுப்பியது நியாயம்.

அப்புறம்தான் புரிந்தது: மரியாதை அந்தத் தொடரில் இல்லை, ‘தாங்கள்’ என்ற சொல்லிலும் முழு வினைமுற்றிலும் இருக்கிறது. அவற்றை வைத்துக்கொண்டு, அவர் கேட்டதிலிருந்து தொடங்கினேன்:

“தாங்கள் மார்ச் 3 அன்று கேட்டிருந்த நாற்பது நாற்காலிகளை மார்ச் 25-க்குள் அனுப்பிவைக்கிறோம். முதலில் உறுதியளித்த நாளைவிட இது பத்து நாள் தாமதம், அதற்காக வருந்துகிறோம்.”

இது அப்படியே கையெழுத்தானது. இப்போதெல்லாம் முதல் வாக்கியத்தை வேறொரு கடிதத்தில் ஒட்டிப் பார்ப்பேன். அங்கேயும் பொருந்தினால் மாற்றி எழுதுவேன். சட்ட அறிவிப்புகளை மட்டும் தொடுவதில்லை. அவற்றின் வாசகம் வழக்கறிஞர் பொறுப்பு.