ஒரு சூப்புக்கு ஆறில் ஒரு பங்கா? பில்லைச் சமமாகப் பிரிக்க மறுப்பது எப்படி

ஆறு பேர் சேர்ந்து சாப்பிடப் போகிறீர்கள். உங்களுக்குப் பசியில்லை, அல்லது மாதக் கடைசி. ஒரு சூப்போடு நிறுத்திக்கொள்கிறீர்கள். மற்றவர்கள் விலை பார்க்காமல் சொல்கிறார்கள். பில் வந்ததும் ஒரு குரல்: "சரி, ஆறாப் போட்டுடலாமா?" அந்த நொடியில் வாயைத் திறப்பது கடினம். ஆகவே அந்த நொடி வரும்வரை காத்திருக்காமல், முன்கூட்டியே தொடங்குவோம்.

படி 1: ஆர்டர் எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்

மெனு கைக்கு வந்ததும், "நான் இன்னிக்கு லேசாத்தான் சாப்பிடப் போறேன், என்னோடதைத் தனியாக் கொடுத்துடறேன்" என்று சொல்லுங்கள். காரணம் விளக்க வேண்டாம். விளக்கினால் "அட, வயிறு சரியில்லையா?" என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

இதை முதலிலேயே சொல்வது மரியாதைக்காக மட்டுமல்ல. சமமாகப் பிரிக்கப்போகிறோம் என்று தெரிந்தால், நாம் கூடுதலாகச் சொல்லும் தட்டின் விலையில் பெரும்பகுதி மற்றவர்கள் தலையில் விழுகிறது. அதனால் கை தாராளமாகிவிடுகிறது. 2004-இல் 'தி எகனாமிக் ஜர்னல்' இதழில் வந்த ஓர் ஆய்வில், உணவகத்தில் நிஜமாகவே குழுக்களை உட்காரவைத்துச் சோதித்தார்கள். அவரவர் பில்லை அவரவர் கட்டியபோது ஆன செலவைவிட, சமமாகப் பிரித்தபோது ஆன செலவு அதிகம். நீங்கள் முதலிலேயே சொன்னால், மற்றவர்கள் உங்கள் பங்கை நம்பாமல் ஆர்டர் செய்வார்கள். தனி பில் கிடைக்குமா என்று சர்வரிடமும் அப்போதே கேட்டுவிடுங்கள். கிடைத்தால் வேலை முடிந்தது. கடைசியில் கேட்டால் பல இடங்களில் முடியாது என்பார்கள்.

படி 2: உங்கள் தொகையைச் சரியாகக் கணக்கிடுங்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான். மெனுவில் சூப் 300 என்று இருந்தது, 300 வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். வரி, சேவைக் கட்டணம், நடுவில் வைத்துப் பகிர்ந்த தட்டு எல்லாம் மறந்துபோகிறது. கடைசியில் கார்டு கொடுத்தவருக்குத் துண்டு விழுகிறது. அடுத்த முறை உங்கள் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஓர் உதாரணம். தட்டுகளின் விலையை மட்டும் கூட்டினால் 8,000. வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்து கட்ட வேண்டியது 9,200. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 1.15. இந்த எண்தான் சாவி. தள்ளுபடி இருந்தாலும் அதுவும் இதிலேயே அடங்கிவிடும்.

உங்கள் சூப் 300. எல்லோரும் பகிர்ந்த ஸ்டார்டர்கள் 1,200, அதில் உங்கள் ஆறில் ஒரு பங்கு 200. இரண்டே வாய்தான் எடுத்தீர்கள் என்றாலும் முழுப் பங்கையும் போட்டுவிடுங்கள், வாய்க்கணக்கு பார்த்தால் சண்டைதான் வரும். ஆக 500. அதை 1.15-ஆல் பெருக்கினால் 575. சமமாகப் பிரித்திருந்தால் ஏறக்குறைய 1,533 கொடுத்திருப்பீர்கள்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். மீதி 8,625-ஐ ஐந்து பேர் பிரித்தால் தலைக்கு 1,725. அதாவது நீங்கள் விலகுவதால் ஒவ்வொருவருக்கும் 192 கூடுகிறது. முகம் மாறினால் அதற்குக் காரணம் இதுதான். அது அவர்கள் சாப்பிட்டதற்கான பணம், எனவே குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆனால் தெரிந்து பேசுவது நல்லது.

படி 3: புகாரைச் சொல்லாதீர்கள், தொகையைச் சொல்லுங்கள்

"நான் ஒண்ணுமே சாப்பிடலையே, நீங்கதான்..." என்று தொடங்கினால் மற்றவர்கள் தட்டைக் கணக்கெடுப்பது போல ஆகிவிடும். மாறாக: "வரியோட என்னோடது 575, இந்தா. மீதியை அஞ்சாப் பிரிச்சுக்கோங்க." பணத்தை அப்போதே நீட்டுங்கள், அல்லது கட்டுபவருக்கு அங்கேயே அனுப்புங்கள்.

யாராவது "அட, என்னப்பா கணக்குப் பாக்கறே" என்றால், "முதல்லயே சொன்னேன்ல" என்று சிரித்தபடி நிறுத்துங்கள். வாதம் வேண்டாம். படி 1-ஐச் செய்திருந்தால் இந்த ஒரு வரி போதும்.

எப்போது விட்டுவிடலாம்?

என் அளவுகோல் இது: என் கணக்கு சமப் பங்கில் பாதிக்கும் கீழே இருந்தால் பேசுவேன். அதற்கு மேல் என்றால் பேசாமல் கொடுத்துவிடுவேன். பிறந்தநாள்காரரின் பங்கை மற்றவர்கள் ஏற்பதாக முதலிலேயே பேசியிருந்தால், அதில் உங்கள் பகுதியைக் குறைக்காதீர்கள்.

வாய் வராமல் சமப் பங்கைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டீர்கள் என்றால், பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டாம். எல்லோரும் ஏற்கெனவே கட்டி முடித்திருப்பார்கள், ஒருவர் கணக்கு மாறினால் ஐந்து பேரிடமும் மறுபடி வசூலிக்க வேண்டும். அதற்குப் பதில், அடுத்த சந்திப்புக்கு நாள் குறிப்பவருக்குத் தனியாக எழுதுங்கள்: "நான் கட்டாயம் வர்றேன். ஆனா எனக்கு மட்டும் தனி பில் போட்டுக்கலாமா?"